இரும்புச்சத்து: மாத்திரை பலிக்காதபோது நரம்பு ஊசி – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 42, எடை 50 கிலோ. மூன்று மாதமாகத் தினமும் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் 8.1-இலிருந்து 8.4-க்குத்தான் வந்திருக்கிறது. நெஞ்செரிச்சலுக்காக அமிலம் குறைக்கும் மாத்திரையும் இரண்டு வருடமாக எடுக்கிறேன். மாதவிடாய்ப் போக்கு கொஞ்சம் அதிகம். மருத்துவர் நரம்பு வழியாக ஏற்றலாம் என்கிறார். இன்னும் சில மாதம் மாத்திரையிலேயே பார்க்கலாமா?

காத்திருப்பதால் உங்களுக்குப் பலன் இருக்காது. மாத்திரை உடலில் சேர்கிறதா என்பது மூன்று மாதம் கழித்துத் தெரியவேண்டிய விஷயமல்ல. ஒழுங்காகச் சாப்பிட்டால் இரண்டு வாரத்திலேயே ஹீமோகுளோபின் சுமார் 1 கிராம் ஏறியிருக்க வேண்டும், ஒரு மாதத்தில் ஏறத்தாழ 2 கிராம் ஏறியிருக்க வேண்டும். இரண்டாவது வாரமே ஒரு முறை இரத்தம் பரிசோதித்திருந்தால் இந்த மூன்று மாதச் சோர்வு மிச்சமாகியிருக்கும்.

ஆனால் ஊசிக்கு மாறுவதற்கு முன், அல்லது அதோடு சேர்த்தே, மாத்திரை ஏன் பலிக்கவில்லை என்ற கேள்விக்கு விடை தேட வேண்டும். பெண்கள் என்றால் மாதவிடாய்தான் காரணம் என்று பேச்சை முடித்துவிடும் பழக்கம் இருக்கிறது. உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஒரு கிராம் ஹீமோகுளோபினில் சுமார் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உங்கள் அளவில் 100 மில்லி இரத்தம் போனால் இழப்பு 27 மில்லிகிராமுக்கு அருகில் வரும். 60 மில்லிகிராம் இரும்புள்ள மாத்திரையில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே குடலில் உறிஞ்சப்பட்டாலும் மாதத்துக்கு 180 மில்லிகிராம் சேர்ந்திருக்க வேண்டும். போக்கு 'கொஞ்சம் அதிகம்' என்பது மட்டும் இவ்வளவு வரவையும் விழுங்கிவிடாது. ஆகவே ஒன்று, போக்கு நீங்கள் நினைப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அல்லது மாத்திரை உள்ளே போகவே இல்லை. அல்லது வேறெங்கோ, பெரும்பாலும் குடலில், இரத்தம் கசிகிறது.

உங்கள் விஷயத்தில் எனக்கு முதல் சந்தேகம் அமிலம் குறைக்கும் மாத்திரை மீதுதான். மாத்திரையிலுள்ள இரும்பு கரைந்து உறிஞ்சப்படும் நிலையில் இருக்க இரைப்பை அமிலம் வேண்டும். நெஞ்செரிச்சலுக்கு அது தொடர்ந்து தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். அதோடு கோதுமைப் புரதத்தால் சிறுகுடல் கெடும் செலியாக் நோய், இரைப்பையில் ஹெலிகோபாக்டர் கிருமி, இரைப்பைச் சுவர் தேய்ந்துபோகும் தன்னெதிர்ப்பு அழற்சி ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றும் வலியே இல்லாமல் வருடக்கணக்கில் இருக்கக்கூடியவை. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு உங்கள் கடிதத்தில் இல்லை. அது 30-க்கு மேல் இருந்து, இரத்தச் சிவப்பணுக்கள் மட்டும் சிறியனவாக இருந்தால், இது இரும்புக் குறைபாடுதானா என்பதையே மறுபடி யோசிக்க வேண்டும். பிறவியிலேயே சிவப்பணுக்கள் சிறியனவாக இருக்கும் தலசீமியா மரபுக்கூறு உள்ளவர்கள் வருடக்கணக்கில் வீணாக இரும்பு விழுங்கியதைக் கண்டிருக்கிறேன். ஃபெரிட்டின் குறைவாகவே இருந்தால் உங்கள் மருத்துவர் சொல்வது சரி. பரிசோதனைகள் நடக்கும்போதே ஊசியைத் தொடங்கலாம்.

கேள்வி: ஒரு மாத்திரை போதவில்லை என்றால் இரண்டாக்கக் கூடாதா?

பெரும்பாலும் வயிற்றுக் கோளாறுதான் கூடும். ஒரு மாத்திரை உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற சுரப்பை அதிகமாக்குகிறது. அது குடலின் கதவை ஏறத்தாழ ஒரு நாள் சாத்தி வைக்கிறது. அதனால் மாலையில் போடும் இரண்டாவது மாத்திரையில் மிகச் சிறு பங்குதான் சேரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு மாத்திரை என்று எடுத்தால் ஒவ்வொன்றிலிருந்தும் கூடுதல் பங்கு சேருகிறது, மலச்சிக்கலும் குமட்டலும் குறைகின்றன. குடல் அழற்சி, நாள்பட்ட சிறுநீரக நோய் போன்றவற்றில் இந்தக் கதவு எப்போதுமே பாதி சாத்தியிருக்கும். அவர்களுக்கு மாத்திரையோடு நெடுநாள் போராடாமல் ஊசிக்குப் போவதையே நான் விரும்புவேன்.

கேள்வி: ஒருவருக்கு ஒரே நாளில் ஏற்றி அனுப்புகிறார்கள், இன்னொருவரை ஏழு முறை வரச் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். முதலில் மொத்தம் எவ்வளவு இரும்பு தேவை என்று கணக்கிடுவார்கள். எடையை ஹீமோகுளோபின் பற்றாக்குறையால் பெருக்கி, அதை 2.4-ஆல் பெருக்கி, உடலின் சேமிப்புக்காக 500 கூட்டுவது பழைய கணக்கு. மேலே கேட்ட சகோதரிக்கு இலக்கு 15 என்று வைத்தால் பற்றாக்குறை 6.6. அதை 50-ஆலும் 2.4-ஆலும் பெருக்கினால் 792, அதோடு 500 சேர்த்தால் ஏறத்தாழ 1,300 மில்லிகிராம்.

இனி மருந்தைப் பொறுத்தது. அயர்ன் சுக்ரோஸ் ஒரு வேளைக்கு 200 மில்லிகிராம்தான் வழக்கம். எனவே ஏழு முறை, ஏழு ஊசிக் குத்து. ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் ஒரே வேளையில் 1,000 மில்லிகிராம் வரை கால் மணி நேரத்தில் ஏற்றலாம் (சில நாடுகளில் வரம்பு இதைவிடக் குறைவு); மீதி ஒரு வாரம் கழித்து. ஃபெரிக் டெரிஐசோமால்டோஸும் பெரிய அளவில் ஏற்றக்கூடியதே.

இவ்வளவு வசதியானது இருக்கும்போது சிறு அளவு எதற்கு? டயாலிசிஸுக்கு வாரம் மூன்று முறை வருபவருக்குக் குழாய் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கிறது, அதிலேயே சிறிது சிறிதாகக் கொடுப்பதில் சிரமமில்லை. மற்றொன்று பலருக்குத் தெரியாதது: கார்பாக்ஸிமால்டோஸ் சிலருக்குச் சிறுநீர் வழியாகப் பாஸ்பேட்டை வெளியேற்ற வைக்கிறது. ஒரு முறை போட்டால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். இரத்தப்போக்கு நிற்காததால் சில மாதத்துக்கு ஒரு முறை போட்டுக்கொள்பவருக்கு எலும்பு மென்மையாகி, நுண்ணிய முறிவுவரை போகலாம். ஹீமோகுளோபின் ஏறியும் சோர்வு கூடுகிறது, தசை தளர்கிறது, எலும்பு வலிக்கிறது என்றால் இன்னொரு பாட்டில் இரும்பு கேட்காதீர்கள், பாஸ்பேட் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் தாயாருக்கு ஏற்றத் தொடங்கிய ஐந்தாவது நிமிடம் முகம் சிவந்து, நெஞ்சு இறுகி, முதுகு வலித்தது. நிறுத்திவிட்டார்கள். இனி அவருக்கு இந்த மருந்தே ஆகாதா?

அப்படி முடிவுகட்ட வேண்டாம். இரத்த அழுத்தம் விழாமல், இளைப்போ தோல் தடிப்போ உதடு வீக்கமோ இல்லாமல், நிறுத்திய சில நிமிடங்களில் தானாகவே அடங்கியிருந்தால் அது பெரும்பாலும் உண்மையான ஒவ்வாமை அல்ல. அப்போது நிறுத்தி, பொறுத்திருந்து, மெதுவான வேகத்தில் மறுபடி தொடங்குவதே வழக்கம். பதற்றத்தில் தூக்கம் தரும் பழைய வகை அலர்ஜி ஊசியைப் போடுவதால்தான் சில நேரம் அழுத்தம் இறங்கி, சிறிய விஷயம் பெரியதாகிறது. உண்மையான கடும் ஒவ்வாமை மிக அரிது, ஆனாலும் உண்டு. அதனால்தான் அவசர மருந்துகள் கைக்கெட்டும் இடத்தில் ஏற்றுகிறார்கள், முடிந்தபின் அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். அன்றைய குறிப்பில் இரத்த அழுத்தம் எழுதப்பட்டிருக்கும். அதை வாங்கி அடுத்த மருத்துவரிடம் காட்டுங்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்திலும், இரத்தத்தில் கிருமி பரவியிருக்கும் தொற்றின்போதும் இந்த ஊசியைத் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: ஊசி போட்ட இடத்தில் தேயிலைக் கறைபோல் பழுப்புப் படலம். போகுமா?

மருந்து நரம்புக்கு வெளியே கசிந்திருக்கிறது. மெல்ல மங்கும், ஆனால் மாதங்கள், சில நேரம் வருடங்கள் ஆகலாம்; முழுதும் போகாமலும் இருக்கலாம். தடுப்பதுதான் வழி. முதலில் வெறும் சலைனைச் செலுத்தி, தோல் உப்புகிறதா என்று பார்த்தபின் மருந்தைத் திறக்க வேண்டும். ஏற்றும்போது எரிச்சலோ இறுக்கமோ தோன்றினால் அந்தக் கணமே சொல்லுங்கள், முடியட்டும் என்று பொறுக்காதீர்கள். தசையில் போடும் இரும்பு ஊசியை நான் பரிந்துரைக்காததற்கு வலியோடு இந்தக் கறையும் ஒரு காரணம்.

கேள்வி: ஏற்றிய பத்தாவது நாள் ஃபெரிட்டின் 900. ஆபத்தா?

இல்லை, பார்த்த நாள்தான் தவறு. ஏற்றிய இரும்பு இன்னும் சேமிப்பில் இருப்பதால் அந்த எண் பொய்யாக உயர்ந்திருக்கிறது. நான்கு வாரம் கழித்து ஹீமோகுளோபினைப் பாருங்கள். ஃபெரிட்டினுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுங்கள்.