குறிப்பேட்டில் பேசுவது யார்?

அன்புள்ள ஐயா,

ஆங்கில இலக்கியம் முதுகலை முதலாண்டு படிக்கிறேன். கோட்பாட்டுத் தாளுக்காக வாரம் ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும். பருவ முடிவில் நான்காயிரம் சொற்களில் ஓர் ஆய்வுக்கட்டுரை தர வேண்டும். ஒவ்வொரு வாரமும் தவறாமல் குறிப்பு எழுதுகிறேன், ஆனால் கட்டுரை எழுத உட்கார்ந்தால் அவற்றில் ஒன்றும் கைகொடுப்பதில்லை. நோட்டில் எழுதுவது நல்லதா, ஏதாவது செயலியில் சேர்ப்பது நல்லதா? ஒரு கட்டுரைக்கு எத்தனை பக்கம் குறிப்பு எடுக்கலாம்? பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலாண் பார்த்தின் ‘ஆசிரியனின் மரணம்’ கட்டுரைக்கு நான் எழுதிய குறிப்பைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன்.

க., மதுரை

அன்புள்ள க.,

சில வாரங்களாக மாணவர்களின் ஆய்வேடுகளைப் படித்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் வந்தபோது மனம் ஏறக்குறைய இதே இடத்தில்தான் நின்றிருந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

நோட்டா செயலியா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. எது கைக்குப் பழகியதோ அதில் எழுதுங்கள். பக்கக் கணக்கும் அப்படித்தான்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அழகான கையெழுத்து. மஞ்சளிலும் பச்சையிலும் கோடிட்டிருக்கிறீர்கள். எழுதியிருப்பது இது: “ஆசிரியன் இறந்துவிட்டான். பிரதி மேற்கோள்களால் நெய்யப்பட்டது. வாசகனின் பிறப்பே முக்கியம். மிகச் சிறந்த கட்டுரை.” கோபித்துக்கொள்ளாதீர்கள், இதை எழுத அந்தக் கட்டுரையை நீங்கள் வாசித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. தேர்வு வழிகாட்டி நூல் எதன் பின்னட்டையிலும் இந்த நான்கு வரிகளும் கிடைக்கும். மூன்று மாதம் கழித்து இதைத் திறக்கும்போது உங்கள் முன் ஒரு முடிவு மட்டுமே கிடக்கும். மறுக்கவோ நீட்டவோ வேறொன்றோடு பொருத்தவோ அதில் பிடிமானம் இராது. இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. இந்த நான்கு வாக்கியங்களில் பேசுவது யார் என்று குறிப்பிலிருந்து தெரியவில்லை. முதல் மூன்றும் பார்த்தின் சொற்களா, நீங்கள் சுருக்கியதா, வகுப்பில் ஆசிரியர் சொன்னதா? பார்த் தம் கட்டுரையைத் தொடங்குவதே இந்தக் கேள்வியோடுதான். பால்ஸாக்கின் ‘சராசின்’ கதையிலிருந்து, பெண்ணாக வேடமிட்ட ஒரு காயடிக்கப்பட்ட பாடகனைப் பற்றிய ஒரு வாக்கியத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இதைப் பேசுவது கதையின் நாயகனா, பால்ஸாக் என்ற தனிமனிதனா, உலகப் பொது ஞானமா என்று கேட்கிறார். அந்தக் கேள்வியைக் குறிப்பெடுத்த நீங்கள் அதை உங்கள் குறிப்பேட்டிடம் கேட்கவில்லை.

எனக்குக் கற்பித்த பேராசிரியர் ஒருவரின் பழைய நோட்டுகளை ஒருமுறை புரட்டிப் பார்க்கக் கிடைத்தது. வலப்பக்கத்தில் மட்டுமே எழுதுவார், இடப்பக்கத்தை வெறுமையாக விட்டுவிடுவார். வலப்பக்க வரிகளின் தொடக்கத்தில் ‘அவர்’ என்றோ ‘நான்’ என்றோ சிறிதாக இருக்கும். நூலின் சொல்லை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறியும் பக்க எண்ணும் தவறாது. இடப்பக்கங்களில் வேறு மையில், வேறு தேதியில், பின்னால் வந்த எண்ணங்கள். ஓரிடத்தில் பென்சிலில் இப்படி இருந்தது: “இது என்னுடையதா, அவருடையதா? மூலத்தைப் பார்.” அதற்குக் கீழே நீல மையில், “அவருடையது.” இந்த இரண்டு வரிகளை என்னால் மறக்க முடியவில்லை. அத்தனை ஆண்டு கற்பித்த மனிதருக்கே தம் கையெழுத்தில் இருப்பது தம் சிந்தனைதானா என்ற ஐயம் வந்திருக்கிறது.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், சலிப்பாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். நாம் ஒரு கருத்தை நம் சொற்களில் சுருக்கி எழுதுகிறோம். எழுதும் நாளில் அது யாருடையது என்று நன்றாகத் தெரியும். பத்து வாரம் கழித்து நம் கையெழுத்தில், நம் வாக்கிய அமைப்பில் அது நம்மைப் பார்க்கும்போது, நாமே கண்டடைந்தது போலத் தோன்றும். நேர்மையான மாணவர்கள் திருட்டுப் பழிக்கு ஆளாவது பெரும்பாலும் இப்படித்தான். இதன் மறுபக்கமும் உண்டு, அதை யாரும் கவனிப்பதில்லை. வாசிக்கும்போது நமக்கே தோன்றிய ஒரு நல்ல மறுப்பு, அடையாளமின்றிச் சுருக்கத்துக்குள் கலந்துவிட்டால், பின்னால் அதை நூலாசிரியரின் கருத்தென்று எண்ணி அவர் பெயரிலேயே எழுதிவிடுகிறோம். சொந்தமாக இருந்த ஒரே சிந்தனையைத் தானம் செய்துவிட்டு, ‘எனக்கு வாதமே வரவில்லை’ என்று கடிதம் எழுதுகிறோம்.

பார்த்துக்கான குறிப்பு எப்படி இருந்திருக்கலாம் என்று பார்ப்போம். தலைப்பில் தேதியும், எந்த மொழிபெயர்ப்பு, எந்தப் பதிப்பு என்பதும். அந்தக் கட்டுரை 1967இல் ஓர் அமெரிக்க இதழில் ஆங்கிலத்தில் முதலில் வெளிவந்தது, பிரெஞ்சில் 1968இல். ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றுக்கு மேல் உண்டு என்பதால், பதிப்பைக் குறிக்காத பக்க எண்ணால் பயனில்லை. பிறகு இரண்டே பதிவுகள் போதும்.

முதலாவது. “அவர்: ஆசிரியன் என்பவன் நவீன காலத்து ஆள். ஆங்கில அனுபவவாதம், பிரெஞ்சுப் பகுத்தறிவுவாதம், கிறித்தவச் சீர்திருத்தம் வளர்த்த தனிமனித விசுவாசம் ஆகியவற்றிலிருந்து பிறந்தவன். நான்: அப்படியானால் குறுந்தொகைப் பாட்டுகளின் கீழே புலவர் பெயர் எதற்கு?”

இரண்டாவது. “அவர்: வாசகன் வரலாறும் வாழ்க்கைக் கதையும் உளவியலும் இல்லாதவன். நான்: அப்படி ஒரு வாசகன் எங்கே இருக்கிறான்? ஆசிரியனிடமிருந்து பறித்த கடவுள் பதவியை வாசகனுக்குக் கொடுத்தாகிவிட்டதா?”

‘நான்’ என்று தொடங்கும் வரிகள் கேள்விகளாக இருப்பதைக் கவனியுங்கள். ‘மிகச் சிறந்த கட்டுரை’ என்பதற்கு அடுத்த வாரம் யாரும் பதில் சொல்ல முடியாது, கேள்விக்குச் சொல்ல முடியும்.

அடுத்த வாரம் உங்கள் பாடத்திட்டத்தில் மிஷேல் ஃபூக்கோ இருப்பார், பெரும்பாலும் அப்படித்தான் அடுக்குவார்கள். ‘ஆசிரியன் என்பவன் யார்?’ என்பது அவர் 1969 பிப்ரவரியில் பாரிசில் ஆற்றிய உரை. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் பஃபலோவில் சற்றே மாற்றிப் பேசினார். இரண்டு வடிவங்களும் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன, இறுதிப் பகுதி வேறுபடுகிறது. ஒன்றிலிருந்து மேற்கோளும் மற்றதிலிருந்து பக்க எண்ணும் எடுத்துப் போடும் ஆய்வேடுகளை நான் திருத்தியிருக்கிறேன், நீங்களும் சேர்ந்துகொள்ளாதீர்கள்.

ஃபூக்கோவை வாசிக்கத் தொடங்குமுன் சென்ற வாரக் கேள்விகளை மட்டும் ஒருமுறை படியுங்கள். வாசிப்பு வேறாகிவிடும். ஆசிரியன் மறைந்துவிட்டான் என்று திரும்பத் திரும்பச் சொன்னால் போதாது, அவன் விட்டுச்சென்ற வெற்றிடத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்கிறார். நீட்சேயின் படைப்புகள் அனைத்தையும் பதிப்பிக்கப் போகிறோம் என்றால் அவருடைய சலவைக் கணக்கையும் சேர்ப்பதா என்று கேட்கிறார். ஒரே பெயரில் வழங்கும் நூல்கள் ஒருவருடையவைதானா என்று முடிவுசெய்யப் புனித ஜெரோம் வைத்த நான்கு அளவுகோல்களை எடுத்துக்காட்டுகிறார். தரத்தில் தாழ்ந்ததை விலக்கு, கொள்கையில் முரண்படுவதை விலக்கு, நடையில் மாறுபடுவதை விலக்கு, ஆசிரியர் இறந்த பின் நடந்ததைச் சொல்வதை விலக்கு. இதை வாசிக்கும் தமிழ் மாணவருக்கு ஔவையார் நினைவுக்கு வராவிட்டால் நான் வருந்துவேன். புறநானூற்று ஔவையும் ஆத்திசூடி ஔவையும் வேறு வேறு என்று நம் அறிஞர்கள் பிரித்தது நடையையும் காலத்தையும் வைத்துத்தானே? ஆக, ‘நான்’ வரியில் அதை எழுதி, ‘பார்த், முதல் கேள்வியைப் பார்க்க’ என்று சேர்த்துவிடுங்கள். பார்த் பக்கத்தின் இடப்புறத்திலும் இன்றைய தேதியிட்டு ஒரு வரி. ஒரு கட்டுரைக்கு எழுதிய கேள்வி இன்னொரு கட்டுரையில் பதிலையோ எதிர்ப்பையோ சந்திக்கும் இந்த இடத்தில்தான் வாதம் பிறக்கிறது.

இப்போது முதல் கேள்விக்கே திரும்பிப் போங்கள். குறுந்தொகையின் 40ஆம் பாட்டைப் பாடியவர் செம்புலப்பெயனீரார். செம்மண்ணில் பெய்த மழைநீர் போல நெஞ்சங்கள் கலந்தன என்ற உவமையிலிருந்தே அந்தப் பெயர் வந்தது, இயற்பெயர் தெரியாது. அடுத்த பாட்டைப் பாடியவர் அணிலாடு முன்றிலார். மக்கள் விட்டுப்போன வீட்டு முற்றத்தில் அணில் ஆடும் காட்சி அவருக்குப் பெயராகிவிட்டது. இங்கே ஆசிரியர் பாட்டைப் பெறவில்லை, பாட்டுதான் ஆசிரியரைப் பெற்றிருக்கிறது, அதுவும் வாசித்துத் தொகுத்தவர்கள் கையால். பாட்டுக்குள் பேசுவது யார் என்பதற்கோ தலைவன் கூற்று, தலைவி கூற்று என்று கீழே தனியாகக் குறிப்பு இருக்கிறது. முதல் கேள்விக்கு இது பாதிப் பதில். புலவர் பெயர் அங்கே நிற்பது பாட்டின் பொருளுக்கு உத்தரவாதம் தர அல்ல, ஒரு பாட்டை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய. உங்கள் நான்காயிரம் சொல்லுக்கு இதுவே மையமாகலாம். பார்த் சொல்லும் ஆசிரியன் இங்கே இல்லை, ஆனால் ஃபூக்கோ சொல்லும் ஆசிரியப் பெயரின் வேலை இருக்கிறது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். ‘பார்த் 1967இல் சொன்னதைத் தமிழன் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டான்’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அந்த வாக்கியத்தை நான் ஆய்வேடுகளில் படித்துப் படித்து நொந்துபோயிருக்கிறேன். அது இரண்டு பக்கத்தையும் வாசிக்காதவர் எழுதும் வாக்கியம். குறுந்தொகைக்குப் பெயரிட்டவர்கள் எந்தக் கோட்பாட்டையும் சொல்லவில்லை, பெயர் தெரியாத பாட்டுகளுக்கு அடையாளம் கொடுத்தார்கள். அதிலிருந்து நாம் இன்று எதை ஊகிக்கிறோம் என்பது நம் பொறுப்பு, அதனால்தான் அது ‘நான்’ வரியில் வர வேண்டும்.

இன்னொரு வகைப் பதிவும் உங்களுக்கு வேண்டும். இந்த வாதம் எங்கே உடைகிறது என்பது அதில் இருக்கட்டும். கபிலரை எடுத்துக்கொள்ளுங்கள். பாரி இறந்த பின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு அலைந்த புலவர் என்ற வாழ்க்கைக் கதை இல்லாமல் பறம்பு மலையைப் பற்றிய புறநானூற்றுப் பாட்டுகளை யாரும் வாசிப்பதில்லை. அங்கே ஆசிரியப் பெயர் வெறும் அடையாளமாக நிற்காமல் பொருளையே தருகிறது. அந்தக் கதையில் எவ்வளவு பாட்டிலிருந்து வந்தது, எவ்வளவு பாட்டின் கீழுள்ள குறிப்பிலிருந்து வந்தது என்று பிரித்துப் பாருங்கள். இந்த வாரமே உட்கார்ந்து, கபிலரின் பறம்புப் பாட்டுகளில் மூன்றை எடுத்து, ‘அவர்’, ‘குறிப்பெழுதியவர்’, ‘நான்’ என்று மூன்றாகப் பிரித்து எழுதி எனக்கு அனுப்புங்கள். படமெடுத்தே அனுப்பலாம், வண்ணக் கோடுகள் மட்டும் வேண்டாம்.

அன்புடன்