கரண்ட் வந்ததும் கமரா காணாமல் போவது ஏன்?

கேள்வி: "எங்கட அரிசி மில் பரந்தனில இருக்கு. நாலு ஐபி கமராவும் ரெக்கோடரும் ஒரு சுவிட்ச் வழியா ரவுட்டரில பூட்டியிருக்கு. கரண்ட் போய் வந்தா ரெண்டு கமரா ரெக்கோடரில வராது. மூன்றாவது கமராவுக்கு ஒரு தம்பி வந்து 192.168.1.5 எண்டு நிரந்தரமாப் போட்டுத் தந்தவர். இப்ப அதுதான் விட்டு விட்டு வருது. என்ன செய்யலாம்?"

பதில்: கமரா பழுதில்லை, வயரும் பழுதில்லை. ரவுட்டரின் செட்டிங்கைத்தான் முதலில் திருத்த வேண்டும்.

வலையில் ஒவ்வொரு கருவிக்கும் உரிய எண்தான் ஐபி முகவரி. கமராக்களுக்கு அதைக் கொடுப்பது ரவுட்டர். யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற கணக்கைப் பல ரவுட்டர்கள் கரண்ட் போனதும் மறந்துவிடும். திரும்ப உயிர் வந்ததும் முந்தி வந்து கேட்டவருக்கு முந்திக் கொடுக்கும். ரெக்கோடரோ பழைய முகவரியிலேயே போய்க் கமராவைத் தேடிக்கொண்டிருக்கும். உங்கள் இரண்டு கமராவும் தொலைவது இதனால்தான்.

மூன்றாவது கமராவின் சங்கதி வேறு. நிரந்தர முகவரி போட்டது சரி, போட்ட இடம்தான் பிழை. பல ரவுட்டர்கள் முகவரியின் கடைசி இடத்தில் 2 முதல் 254 வரை எல்லா எண்ணையும் தாங்களே பகிர்ந்து கொடுக்கும். 5 என்பது அதற்குள் வருகிறது. அதை ஒரு கமரா எடுத்துவிட்டது ரவுட்டருக்குத் தெரியாது. சில ரவுட்டர்கள் ஒரு எண்ணைக் கொடுக்க முன் யாராவது அதைப் பாவிக்கிறார்களா என்று கேட்டுப் பார்க்கும். ஆனால் கரண்ட் வந்த நேரத்தில் கமரா எழும்ப ஒரு நிமிடம்கூடப் பிடிக்கலாம். உதாரணமாக, மில்லின் கணக்காளரின் போனுக்கு பற்றரி இருப்பதால் அது எப்போதும் விழித்தே இருக்கிறது. வைஃபை வந்த கையோடு 5 போனுக்குப் போய்விடும். பிறகு கமராவும் அதே எண்ணோடு எழும்பும். போன் மில்லை விட்டு வெளியே போனால் படம் வரும், திரும்பி வந்தால் விட்டு விட்டு வரும்.

இது உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், படம் இழுபடும் நேரத்தில் அந்தக் கமராவின் வயரைக் கழற்றிவிட்டு, அதே வலையில் உள்ள விண்டோஸ் கணினியில் இதை அடியுங்கள்:

```
ping 192.168.1.5
arp -a
```

கமரா கழன்றிருக்கும்போதும் `TTL=` என்று முடியும் வரிகள் வந்தால் அந்த எண்ணில் வேறு ஆள் இருக்கிறார். `Destination host unreachable` என்று வந்தால் அதற்கு முன்னால் `Reply from` இருந்தாலும் அது பதில் அல்ல. உங்கள் கணினி தானே சொல்லிக்கொள்வது. இங்கே பலர் ஏமாறுவார்கள். MAC என்பது கருவியின் அடையாள எண். 192.168.1.5க்கு எதிரே `arp -a` காட்டும் MAC எண்ணைக் கமராவின் ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள், வேறாக இருந்தால் அது வேறு கருவி. ஒன்று மட்டும்: போன் தூங்கினால் பதில் வராமல் இருக்கலாம், அதன் திரையை எழுப்பிவிட்டுப் பாருங்கள்.

இனித் திருத்தம். கமராவைத் தொட முன் ரவுட்டரின் செட்டிங் பக்கத்தைத் திறந்து, முகவரி பகிர்ந்து கொடுக்கும் DHCP பகுதிக்குப் போய், அது கொடுக்கும் எல்லையை 192.168.1.100 முதல் 192.168.1.200 வரை என்று சுருக்குங்கள். சேமித்து ரவுட்டரையும் போன்களையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். இப்போது 100க்குக் கீழே உள்ளதெல்லாம் உங்கள் கையில். ரெக்கோடருக்கு 20, கமராக்களுக்கு 21, 22, 23, 24 என்று வையுங்கள். ஒவ்வொரு கமராவின் செட்டிங் பக்கத்திலும் DHCP என்பதில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிட்டு, அதனதன் எண்ணோடு இப்படி நிரப்ப வேண்டும்:

```
IP Address:   192.168.1.21
Subnet Mask:  255.255.255.0
Gateway:      192.168.1.1
```

Save அழுத்தியதும் பக்கம் உறைந்துபோகும். முகவரி மாறியதால்தான் அது. பிரவுசரில் புது எண்ணை அடித்தால் திறக்கும். ஒரு கமராவை மாற்றி, ரெக்கோடரிலும் அதன் எண்ணைத் திருத்தி, படம் வந்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். நாலையும் ஒரேயடியாக மாற்றினால் எது எதுவென்று தெரியாமல் மாட்டுப்படுவீர்கள். பிறகு புதுக் கமரா வாங்கினாலும் ஒவ்வொன்றாகவே பூட்டுங்கள். ஹிக்விஷன் கமரா பெட்டியிலிருந்து 192.168.1.64 உடனும் டாஹுவா 192.168.1.108 உடனும் வருவது வழக்கம். ஒரே கம்பனியின் புதுக் கமரா இரண்டைச் சேர்த்துப் பூட்டினால் அப்போதே மோதும்.

ரவுட்டரிலேயே MAC எண்ணுக்கு முகவரி ஒதுக்கி வைக்கும் வழியும் உண்டு. கைப்பேசிச் செயலியில் மட்டும் இயங்கும் வைஃபை கமராக்கள் பலவற்றில் முகவரி போட இடமே இருக்காது, அவற்றுக்கு அதுதான் வழி. மற்றவைக்குக் கமராவிலேயே போடுவதை நான் விரும்புவேன், ஏனெனில் ஒதுக்கீடு ரவுட்டருக்குள் இருக்கிறது, ரவுட்டர் போனால் அதுவும் போய்விடும்.

கமராவில் போட்டாலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. நாளை 4ஜி ரவுட்டருக்கு மாறினால் அது 192.168.8.1 போன்ற வேறு வரிசையில் வரக்கூடும். அப்போது கமராக்களை மாற்றப் போகாதீர்கள். புது ரவுட்டரின் LAN முகவரியை 192.168.1.1 ஆக்கி, எல்லையை 100 – 200 என்று வைத்தால் போதும். பழைய ரவுட்டரின் ரீசெட் பொத்தானை யாராவது அழுத்தினாலும் எல்லை பழையபடி விரிந்துவிடும். அதனால் இந்த எண்களை ஒரு தாளில் எழுதி ரவுட்டரின் அடியில் ஒட்டிவிடுங்கள்.