பிப்பின் கடைசி வாக்கியமும் பத்து நிமிட உரையும்

கேள்வி: ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன், அடுத்த மாதம் வைவா. டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலில் பிப்பும் எஸ்டெல்லாவும் இறுதியில் இணைந்தார்களா என்பதை நாவல் திறந்தே விடுகிறது என்பது என் வாசிப்பு. டிக்கன்ஸ் முதலில் எழுதிய முடிவில் இருவரும் பிரிந்துவிடுகிறார்களே, அதுவே போதிய விடையல்லவா என்று புறத் தேர்வாளர் தம் அறிக்கையில் கேட்டிருக்கிறார். பத்து நிமிட உரையை எப்படி அமைப்பது? பேசப்போவது ஆங்கிலத்தில்தான், ஆனால் தமிழில் யோசித்தால்தான் எனக்குத் தெளிவு வருகிறது.

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

இயல்வாரியாகச் சுருக்கம் சொல்லும் வழக்கமான உரையை விட்டுவிடுங்கள். தேர்வாளர் ஆய்வேட்டைப் படித்துவிட்டுத்தான் வருகிறார். கடைசி வாக்கியத்திலேயே தொடங்கி, எந்தப் பதிப்பின் பாடத்தைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதை முதலில் அறிவித்துவிடுங்கள், ஏனெனில் அந்த வாக்கியத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் உண்டு. 1861 நூற்பதிப்பில் பிப் கண்டது ‘ஷேடோ ஆஃப் நோ பார்ட்டிங்’. 1862 பதிப்பில் அது ‘நோ ஷேடோ ஆஃப் அனதர் பார்ட்டிங்’ என்று மாறுகிறது. ‘அனதர்’ என்ற அந்த ஒரு சொல்லுக்கு இரு பொருள் கொள்ளலாம்: இனிப் பிரிவே இல்லை என்றும் சொல்லலாம், இப்போது நிகழும் பிரிவைத் தவிர வேறொன்று இல்லை என்றும் சொல்லலாம். டிக்கன்ஸ் திருத்திய பிறகும் ஐயம் நீங்காமல், வேறொரு வடிவில் தொடர்கிறது என்பது உங்கள் முதல் சான்று.

உரையின் நடுப்பகுதியை, நான்கைந்து நிமிடங்களாவது, மூடுபனிக்குக் கொடுங்கள். நான் தேர்வாளராக இருந்தால் இதைத்தான் எதிர்பார்ப்பேன். கொல்லுலையை விட்டுத் தான் முதன்முதலாகப் புறப்பட்டபோது காலை மூடுபனி விலகியதுபோல இப்போது மாலை மூடுபனி விலகுகிறது என்று கடைசி வாக்கியத்தில் பிப்பே ஒப்பிடுகிறான். அந்தக் காலைக் காட்சி 19ஆம் அத்தியாயத்தின் முடிவில் வருகிறது: பனி விலகுகிறது, உலகம் முன்னே விரிந்து கிடக்கிறது, ‘எதிர்பார்ப்புகளின்’ முதல் கட்டம் அங்கேயே முடிகிறது. அன்று அவன் தெளிவு என்று நினைத்தது முழு மயக்கம். செல்வம் தருபவர் மிஸ் ஹவிஷாம், தனக்கென்று குறிக்கப்பட்டவள் எஸ்டெல்லா என்றே நம்பினான். பணமோ மேக்விட்ச் என்ற கைதியிடமிருந்து வந்தது. தவறிப்போன ஒரு தெளிவை நினைவூட்டும் உவமையாலேயே கதைசொல்லி இரண்டாவது தெளிவையும் விவரிக்கிறான். மேலும், ‘பிரியவில்லை’ என்று அவன் சொல்வதில்லை, ‘நிழலைக் காணவில்லை’ என்றுதான் சொல்கிறான்; அந்த மாலையில் அவன் கண்ணுக்குப் பட்டது அவ்வளவே. பின்னால் நடந்ததை அறிந்த கதைசொல்லி இங்கே வாய் திறக்காததைத் தனியாகச் சுட்டுங்கள். இளம் பிப்பின் மயக்கங்களை நாவல் முழுக்கத் திருத்திக்கொண்டே வந்தவன் அவன்.

உங்களுக்கு எதிரான சான்றையும் நீங்களே முன்வையுங்கள். மிஸ் ஹவிஷாமின் பழைய வீடு இருந்த பாழடைந்த இடத்தை விட்டு இருவரும் கைகோத்து வெளியேறுகிறார்கள். இணைவு என்று வாசிப்போருக்கு இது வலுவான ஆதாரம், இதை மழுப்பக் கூடாது. ஆனால் அதற்குச் சற்று முன்புதான் ‘பிரிந்திருந்தும் நண்பர்களாகத் தொடர்வோம்’ என்ற பொருளில் எஸ்டெல்லா பேசியிருக்கிறாள், பிப் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. அதே அத்தியாயத்தில், அந்தப் பழைய கனவு போய்விட்டது என்று சிறுவயதுத் தோழி பிட்டியிடம் சொல்லும்போதே, அன்று மாலை எஸ்டெல்லாவின் நினைவாக அந்த இடத்துக்குத் தனியே போக உள்ளூர எண்ணியிருந்ததையும் அவன் ஒப்புக்கொள்கிறான். தன்னைப் பற்றி அவன் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிட அருகில் வேறு சான்று வேண்டாம்.

இனி, அறிக்கையில் உள்ள கேள்வி. முதல் முடிவில், மறுமணம் செய்துகொண்ட எஸ்டெல்லாவை பிப் லண்டன் பிக்கடில்லியில் சந்தித்துப் பிரிகிறான். நண்பர் புல்வர் லிட்டனின் ஆலோசனையால் டிக்கன்ஸ் அதை அச்சேறும் முன்பே மாற்றினார். ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாறு 1874இல் அதை வெளியிடும் வரை பொது வாசகர் அதை அறியவில்லை. ஆகவே அது ஆசிரியர் கைவிட்ட வரைவு என்றும், வெளியான வாக்கியத்துக்கு அதைக் கொண்டு பொருள் சொல்ல முடியாது என்றும் நேரடியாகச் சொல்லுங்கள். உடனே ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இணைவுதான் உறுதி என்று நிறுவ, மாற்றிய முடிவு வாசகருக்கு ஏற்புடையதாக இருக்கும் என்று டிக்கன்ஸ் ஃபார்ஸ்டருக்கு எழுதிய கடிதத்தை ஒருவர் காட்டினால், அதையும் நீங்கள் இதே காரணத்துக்காக ஏற்கக் கூடாது. ஒரு பக்கத்துக்கு மட்டும் இந்த விதியைப் பொருத்தினால் தேர்வாளர் அந்த இடத்திலேயே பிடித்துவிடுவார்.

‘அப்படியானால் எந்த வாசிப்பும் சரியா?’ என்று நிச்சயம் கேட்பார். ‘ஆம்’ என்று சொல்லிவிட்டால் ஆய்வேடே கையை விட்டுப் போகும். இரண்டே வாசிப்புகளை இந்த வாக்கியம் தாங்குகிறது, இரண்டுக்கும் சொல்லளவில் ஆதாரம் உண்டு. எஸ்டெல்லா இறந்துவிட்டாள் என்றோ எல்லாமே பிப்பின் கனவு என்றோ வாசிக்கப் பாடத்தில் இடமில்லை என்று பதில் சொல்லுங்கள். 19ஆம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தையும் நாவலின் கடைசிப் பக்கத்தையும் அடுத்தடுத்து அச்சிட்டு, ஒரே தாளாகத் தேர்வாளர் கையில் கொடுத்துவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.