மேல்மாடிக் குளியலறைக் கசிவு: உரிமையாளருக்கு எழுதும் கடிதம்

“மேல்மாடி பாத்ரூமிலிருந்து எங்கள் படுக்கையறைக் கூரையில் தண்ணீர் ஒழுகுகிறது. இரண்டு முறை சொல்லியும் ஓனர் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்கிறார். கடிதத்தில் என்ன எழுதுவது?”

எழுதுவதற்கு முன் மூன்று நாட்கள் கசிவைக் கவனியுங்கள். மேலே ஒருவர் குளித்த சிறிது நேரத்தில் மட்டும் சொட்டினால், குறை பெரும்பாலும் குளியலறைத் தரையிலோ கழிவுநீர்க் குழாய் இணைப்பிலோ இருக்கும். யாரும் குழாயைத் திறக்காத பின்னிரவிலும் ஈரம் பரவினால் தண்ணீர் வரும் குழாயைச் சந்தேகிக்கலாம். ஈரத்தின் விளிம்பைப் பென்சிலால் கோடிட்டு, தேதி குறித்துப் படமெடுங்கள்.

பெயிண்டுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். நான் முன்பு குடியிருந்த வீட்டில் அப்படித்தான் பூசி மறைத்தார்கள்; இரண்டே மாதங்களில் பூச்சு உப்பி விழுந்து, உள்ளிருந்த கம்பியின் செந்துரு தெரிந்தது.

கடிதத்தின் மையப் பகுதி இப்படி அமையலாம்: “மதிப்பிற்குரிய ஐயா, மேல்மாடிக் குளியலறையைப் பயன்படுத்தும்போதெல்லாம் எங்கள் படுக்கையறைக் கூரையில் நீர் கசிகிறது. 4ஆம் தேதி ஓரடி அகலமிருந்த ஈரம் 11ஆம் தேதி இரண்டடியாகப் பரவியதை இணைத்துள்ள படங்களில் காணலாம். மின்விசிறிக் கொக்கிக்கு அருகே ஈரம் எட்டியுள்ளதால் அந்த விசிறியைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டோம். பிளம்பரை அனுப்பி மேல்தளத்தில் கசிவை அடைத்து, கூரை காய்ந்த பின்னர் பூச்சைச் சரிசெய்து தருமாறும், பணி தொடங்கும் நாளை ஏழு நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்குமாறும் வேண்டுகிறேன்.”

தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, குடியிருப்பவர் ஏற்படுத்தாத கட்டடச் சேதத்தைச் சரிசெய்வது உரிமையாளரின் பொறுப்பு என்பதையும் ஒரு வரியில் சேர்த்து, விநியோகச் சான்றுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்.