‘நாங்கள் வெறும் இடைத்தரகர்’ என்று ஆப் கைகழுவ முடியுமா?

கேள்வி: அண்ணன் மனைவியின் வளைகாப்புக்கு, வீட்டுச் சமையல்காரர்களை இணைக்கும் ஆப் ஒன்றில் 20 பேருக்குத் தேங்காய் சாதம் உட்பட நான்கு வகைக் கலவை சாதம் ஆர்டர் செய்தேன். சாப்பாடு 3,000 ரூபாய், டெலிவரியும் கட்டணமும் 180. காலை 10.30-க்கு வந்துவிட்டது. 12.45-க்குத் திறந்தால் தேங்காய் சாதம் நூல் விட்டிருந்தது. பக்கத்து மெஸ்ஸில் 900 ரூபாய்க்கு வேறு சாதம் வாங்கிச் சமாளித்தோம். ஆப்பில் கேட்டால், “ஒரு மணி நேரத்துக்குள் புகார் தர வேண்டும், நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, வழக்கு என்றால் பெங்களூரில் நடுவர் மன்றம்தான், எல்லாம் விதிமுறையில் இருக்கிறது” என்கிறார்கள். கடைசியில் 600 ‘காயின்’ தந்தார்கள். 30 நாளில் செலவழிக்க வேண்டுமாம். இதோடு விட்டுவிட வேண்டியதுதானா?

- வாசகி, திருச்சி

பதில்: விட வேண்டாம். ஆனால் அந்த விதிமுறையில் உள்ள எல்லாமே செல்லாது என்றும் நினைத்துவிடாதீர்கள்.

உங்களுக்குச் சாதகமானதிலிருந்து தொடங்குவோம். பெங்களூர் நடுவர் மன்றம் என்ற மிரட்டலைப் பொருட்படுத்தத் தேவையில்லை. நடுவர் ஒப்பந்தம் இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடையில்லை என்று எமார் என்ற கட்டுமான நிறுவனத்தின் வழக்கில் 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருள், சேவைக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடம் அவகாசம் உண்டு.

இடைத்தரகர் வாதத்தில் பாதி உண்மை. சமைத்தது ஆப் அல்ல, சாதம் கெட்டதற்கு முதல் பொறுப்பு சமைத்தவர்தான். ஆனால் 2020 மின்வணிக விதிகள் இடைத்தரகருக்கென்றே சில கடமைகளை வைத்திருக்கின்றன. விற்பவரின் பெயர், முகவரி, தொடர்பு எண்ணைப் பக்கத்தில் காட்ட வேண்டும். குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, புகார் வந்த 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வாங்கிய பின் நீங்கள் எழுதிக் கேட்டால் விற்பவரின் விவரத்தைத் தந்தே ஆக வேண்டும். பல ஆப்களில் ‘லட்சுமி கிச்சன்’ என்று ஒரு பெயரும் நட்சத்திரமும்தான் தெரியும், முகவரி தெரியாது. அங்கேதான் அவர்கள் மாட்டுவார்கள்.

இன்னொன்றும் பாருங்கள். அந்தச் சமையல்காரர் பக்கத்தில் 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இருக்கிறதா? வீட்டில் சமைத்து விற்பவரும் பதிவு செய்ய வேண்டும், ஆப்பும் பதிவு உள்ளவரைத்தான் சேர்க்க வேண்டும். foscos.fssai.gov.in தளத்தில் எண்ணைத் தட்டினால் உயிரோடு இருக்கிறதா, காலாவதியா என்று தெரியும். எண்ணே இல்லாமல் ‘நாங்கள் சோதித்த சுத்தமான சமையலறைகள்’ என்று விளம்பரம் செய்திருந்தால், அது ஆப் தன் வாயால் கொடுத்த வாக்குறுதி. விதிமுறையின் அடியில் ‘தரத்துக்கு உத்தரவாதம் இல்லை’ என்று எழுதி அதை அழித்துவிட முடியாது. அந்த விளம்பரத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

உங்கள் தரப்பின் பலவீனமும் இங்கே இருக்கிறது. இரண்டேகால் மணி நேரம் கழித்துத் திறந்திருக்கிறீர்கள். ‘வந்தபோது நன்றாகத்தான் இருந்தது, உங்கள் வீட்டில் கெட்டது’ என்பார்கள். தேங்காய் சாதம் சீக்கிரம் ஊசும், ஆவி பறக்க மூடிக் கட்டினால் இன்னும் சீக்கிரம். டப்பாவில் சமைத்த நேரமோ ‘இத்தனை மணிக்குள் சாப்பிடவும்’ என்ற குறிப்போ இருந்ததா? அப்படிக் குறிப்பு இருந்து நீங்கள் தாண்டியிருந்தால் வழக்கு தளர்ந்துவிடும். குறிப்பே இல்லையென்றால், மதிய விருந்துக்கென்று வாங்கிய சாதம் மதியம் வரை தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தானே. ஒரு மணி நேரக் கெடுவும் அதே காரணத்தால்தான் பலவீனமானது. குறை தெரியும் முன்பே கெடு முடிந்துவிடுகிறது.

எவ்வளவு கேட்பது? 3,180 முழுவதையும் கேட்காதீர்கள், மற்ற மூன்று சாதமும் சாப்பிட்டாயிற்று. 3,000-இல் தேங்காய் சாதத்தின் பங்கு 750. மெஸ் பில் 900. இரண்டையும் கூட்டிக் கேட்டால் ஒரே இழப்புக்கு இரண்டு தடவை கேட்டதாகும். 750-ஐத் திருப்பித் தரச் சொல்லி, கூடுதலாகச் செலவான 150-ஐயும் சேர்த்து 900 கேளுங்கள். அது பணமாக, செலுத்திய கணக்குக்கே வர வேண்டும். காயினைத் தொடாதீர்கள். அதைச் செலவழித்தால் சமரசமாகிவிட்டது என்று வாதிட இடம் கொடுக்கும்.

முதலில் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆர்டர் எண், படங்கள், மெஸ் பில் இணைத்து, சமையல்காரரின் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, பதிவு எண் வேண்டும் என்று தனி வரியாகக் கேளுங்கள். ஒரு மாதத்தில் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். சின்னத் தொகைகள் பெரும்பாலும் அங்கேயே முடியும், ஏனென்றால் 900 ரூபாய்க்கு ஆணையம் வரை வர எந்த நிறுவனமும் விரும்பாது. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட ஆணையத்தில் ஆப், சமையல்காரர் இருவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை மட்டும் சேர்த்தால் அவர் மற்றவரைக் கைகாட்டிவிட்டு நழுவுவார்.

விதிமுறைப் பக்கத்தை இன்றே பி.டி.எஃப். ஆகச் சேமித்துவிடுங்கள். ‘எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம்’ என்று அதிலேயே ஒரு வரி இருக்கும். நீங்கள் ஆர்டர் செய்த நாளில் என்ன இருந்ததோ, அதுதான் உங்களுக்குப் பொருந்தும்.