காது மிஷினைப் பிடுங்கி எறியும் அம்மா

"மறதி நோயோடு படுக்கையில் இருக்கும் அம்மா காது மிஷினைப் பிடுங்கிப் போடுகிறார். மாட்டினாலும் விசில் அடிக்கிறது. என்ன செய்வது?"

முதலில் மிஷினைக் கழற்றி, ஆன் செய்து, உள்ளங்கைக்குள் பொத்திப் பாருங்கள். விசில் வந்தால் பெரும்பாலும் மிஷின் ஓடுகிறது என்று அர்த்தம். வராவிட்டால் பேட்டரியையும், ஒலி வரும் முனையில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

காதில் மாட்டிய பிறகும் விசில் வந்தால், பெரும்பாலும் முனை சரியாகப் பொருந்தவில்லை, அல்லது உள்ளே குறும்பி அடைத்திருக்கிறது. சிவப்புக் குறி வலது காது, நீலம் இடது. மாற்றி மாட்டினாலும் இதே தொல்லைதான். தலையணையில் அழுந்தும் பக்கமும் கத்தும், அந்த மடலில் புண்ணும் வரலாம். படுக்கும்போது அந்தப் பக்க மிஷினைக் கழற்றிவிடுங்கள்.

காது மடலை மேலும் பின்னுமாக மெதுவாக இழுத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். பழுப்பாக அடைத்திருந்தால் பட்ஸ் வேண்டாம், அது இன்னும் உள்ளே தள்ளிவிடும். சீழோ வலியோ செவிப்பறை ஓட்டையோ இருந்தால் சொட்டு மருந்தும் கூடாது. காது மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம், பட்டன் பேட்டரியை அவர் கைக்கு எட்டாமல் வையுங்கள். மாத்திரை என்று விழுங்கிவிட்டால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.