மட்டியா, மத்தியா: ஸ்பெக்ட்ரோகிராமில் ட, த பிரிப்பது பற்றிய கேள்வி பதில்

முதுகலை மாணவி, ராமநாதபுரம்: பாம்பன் மீனவர் ஒருவர் ‘மட்டி’, ‘மத்தி’ இரண்டையும் சொல்லப் பதிவு செய்தேன். காதுக்குத் தெளிவாக வேறுபடுகிறது, ஸ்பெக்ட்ரோகிராம் என்னும் ஒலிப்படத்தில் ஒன்றுபோல இருக்கிறது. எங்கே பார்ப்பது?

நாக்கு காற்றை அடைத்து நிறுத்தும் நேரம்தான் அடைப்பு. நீங்கள் அதற்குப் பின்னால் வரும் ‘இ’யைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் இருக்கும் ‘அ’வின் கடைசிப் பகுதியைப் பாருங்கள்.

‘ட்ட’ சொல்லும்போது நாக்கு நுனி பின்னால் வளைந்து அண்ணத்தைத் தொடுகிறது. ஆனால் அங்கேயே நிற்பதில்லை. அடைப்பு நீடிக்கும்போதே முன்னால் வழுக்கி, விடுபடும்போது பல்லீறுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அதனால்தான் ‘இ’யின் தொடக்கத்தில் ‘ட’வின் தடம் மங்கலாக இருக்கிறது. ‘அ’வின் முடிவில் நாக்கு அப்போதுதான் வளைந்து கொண்டிருக்கிறது, தடம் அழுத்தமாக விழுகிறது.

உயிரெழுத்தின்போது வாயறையின் ஒத்ததிர்வுகள் படத்தில் கருத்த பட்டைகளாகத் தெரியும், கீழிருந்து இரண்டாவது F2, மூன்றாவது F3. மண்டபத்தில் நான் பதிவு செய்த ஒரு பெரியவரின் குரலில், ‘அ’வின் நடுவில் F2 சுமார் 1300 ஹெர்ட்ஸ், F3 சுமார் 2500. ‘மத்தி’யில் F2 1450 வரை ஏறியது, F3 இடத்தை விட்டு நகரவில்லை. ‘மட்டி’யில் கடைசி 50 மில்லிவினாடிக்குள் F3 2000க்கு இறங்கியது, F2 1600க்கு ஏறியது. இரண்டு கோடுகளும் கூம்பு மாதிரி நெருங்கி அடைப்பில் முடிந்தன. அந்தக் கூம்புதான் ‘ட’.

ஒரு விஷயம், ‘ம’ தன் மூக்கொலியை உயிரெழுத்திலும் பூசிவிடும், கோடுகள் கலங்கும். ‘பட்டி’, ‘பத்தி’யும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். ‘கட்டு’, ‘கத்து’ வேண்டாம். ‘க’வும் தன் பக்கத்தில் F2, F3 இரண்டையும் நெருக்கும், குழப்பிவிடும்.

தொண்டி ஆசிரியர்: ஒலியை அளக்கும் Praat நிரலில் ‘ட’வுக்கு F3 இறங்கவில்லை, ஏறுகிறது. புத்தகம் தவறா?

புத்தகம் சரிதான், F2, F3 இருக்கும் இடம் என்று நிரல் போடும் சிவப்புப் புள்ளிகள்தான் தவறு. F2, F3 நெருங்கியதும் நிரல் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடும், அடுத்திருக்கும் F4ஐ F3 என்று காட்டும். அடைப்பை ஒட்டி F3 திடீரென 3000க்குத் தாவினால் இதுதான் காரணம். ஆண் குரலுக்கு Maximum formant 5000, பெண் குரலுக்கு 5500 என்று வையுங்கள். அப்புறம் புள்ளிகளை அணைத்துவிட்டு, சாம்பல் பட்டையைக் கண்ணால் பின்தொடருங்கள்.

தங்கச்சிமடம் தாய்: என் பையனுக்கு நாலு வயது. ‘வட்டம்’ என்பதை ‘வத்தம்’ என்கிறான். இதில் பார்த்துச் சரிசெய்ய முடியுமா?

இல்லம்மா, படம் எதையும் சரிசெய்யாது. பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள், காது கேட்பதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

கீழக்கரை மாணவர்: ‘டீ’, ‘தீ’ பார்த்தேன். பெரிய வித்தியாசம் இல்லையே?

முன்னால் உயிரெழுத்தே இல்லை, கூம்பு எங்கே விழும்? ‘ஒரு டீ’, ‘ஒரு தீ’ என்று சொல்லச் சொல்லுங்கள். தமிழ்ச் சொல் ‘ட’வில் தொடங்காது என்ற தொல்காப்பிய விதியை இந்தக் காரணத்தோடு இணைத்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

தேவிபட்டினம் வாசகர்: விடுபட்ட பிறகு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறதே?

முதல் பதிலைப் படியுங்கள். இன்னும் மூன்று பேர் இதையே கேட்டிருக்கிறார்கள். அடைப்புக்கு முன்னால் பாருங்கள், புள்ளிகளை நம்பாதீர்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ராமேஸ்வரம்: F3 இறங்கினாலே நாக்கு வளைந்தது என்று சொல்லிவிடலாம், சரிதானே? அதனால்தான் நாம் ‘பெட்டி’யைப் ‘பொட்டி’ என்கிறோம்.

முதல் பாதியில் உடன்பாடில்லை ஐயா. உதட்டைக் குவித்தாலும் F3 ஓரளவு இறங்கும். அமெரிக்க ஆங்கில ‘ர’வைப் பலர் நாக்கைச் சுருட்டாமல் திரட்டி வைத்தே சொல்கிறார்கள், F3 அதிலும் தாழ்கிறது. படத்தை வைத்து நாக்கின் வடிவத்தை உறுதியாகச் சொல்ல முடியாது.

இரண்டாம் பாதி அருமை. ‘பெட்டி’ ‘பொட்டி’ ஆகிறது, ‘பிடி’ ‘புடி’, ‘வீடு’ ‘வூடு’. ‘பெத்த’ மட்டும் அப்படியே நிற்கிறது. வளையும் நாக்கு ‘எ’யின் உயர்ந்த F2ஐக் கீழே இழுக்கிறது, காது அதைப் பின்னுயிராக எடுத்துக்கொள்கிறது. ஆனால் ‘கிட்ட’ ‘குட்ட’ ஆவதில்லையே. முன்னால் ப, ம, வ என்று உதட்டொலியும் வேண்டும்.

அதே ஆசிரியர்: ‘பிறந்த’ ‘பொறந்த’ ஆகிறதே? அதில் ‘ட’ எங்கே?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ‘ற’வுக்கும் சிலர் நாக்கைக் கொஞ்சம் பின்னால் இழுக்கலாம், ஆனால் அதை நான் அளந்ததில்லை. நம் கரைக் குரல்களில் ‘பிறந்த’, ‘பித்து’ இரண்டிலும் ‘இ’யின் முடிவில் F3ஐ அளந்தால் ஒரு பிடி கிடைக்கும். பாம்பன் பதிவு வைத்திருக்கும் மாணவி, அந்த மீனவரிடம் இந்த இரண்டு சொல்லையும் கேட்டுப் பதிவு செய்ய முடியுமா?